இரவு பதினொரு மணி வரை திறந்தும் ஆள் ஏன் கல்முனைக்குப் போனது

"களுவாஞ்சிகுடியில் அப்பாவின் உடுப்புக் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். மூன்று பிள்ளைகள் வேலைக்கு நிற்கிறார்கள். போன தீபாவளிக்குக் கடைசி ஐந்து நாளில் ஏறத்தாழ 700 பில் போட்டோம். இரவு பதினொரு மணி வரை திறந்து வைத்தோம். ஆனாலும் நிறையப் பேர் நின்று பார்த்துவிட்டுக் கல்முனைக்குப் போய்விட்டார்கள். சாமானும் பாதி பிந்தித்தான் வந்தது. இந்த முறை எப்போது சாமான் எடுக்கணும், எத்தனை ஆள் போடணும், எத்தனை மணி வரை திறக்கணும்?"

தம்பி, பதினொரு மணியை முதலில் மறந்துவிடுங்கள். எங்கள் கடையிலும் மூன்று வருடம் அப்படித் திறந்து வைத்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். ஒன்பது மணிக்குப் பிறகு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு கடையில் வாங்கிவிட்டு விலை ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர்கள். உங்கள் கடை இருக்கிற இடத்தை யோசியுங்கள். பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் படுவான்கரை முழுக்க உங்கள் வாடிக்கை. பழுகாமம், பெரிய போரதீவு, வெல்லாவெளி, அதற்கு அப்பால் உள்ள ஊர்கள். அந்தச் சனம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே பாலம் தாண்டி வந்து, பொழுது சாயும் முன்னர் வீட்டுக்குத் திரும்பப் பார்க்கும். இருட்டிய பிறகு யானைப் பயம், பஸ்ஸும் கிடையாது. நீங்கள் ஒன்பதரைக்குக் கடையைத் திறந்து இரவு பதினொன்றுக்கு மூடினால், அவர்கள் வந்து நிற்கிற எட்டு மணிக்குக் கதவு பூட்டு, யாரும் வராத இரவில் லைட் எரிகிறது. கடைசி ஒரு வாரம் காலை ஏழரைக்குத் திறவுங்கள், இரவு எட்டரைக்கு மூடுங்கள். கடைசி இரண்டு இரவு மட்டும் ஒன்பதரை வரைக்கும் போகலாம். அதுவும் வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து இறங்குகிற பொடியன்மாருக்காக. சேர்ட், ட்ரவுசர் எடுக்க அவர்கள் பிந்தித்தான் வருவார்கள்.

மழையும் காலைப் பக்கம்தான் சாய்கிறது. ஒக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரத்தில் நம்ம பக்கம் பின்னேரம் இடி மின்னலோடு ஊற்றுவது வழமை. மூன்று மணிக்கு வானம் கறுத்தால் அன்றைய பின்னேர வியாபாரத்தில் பாதி போச்சு. காலை நேரத்தை விட்டவர்களுக்கு அந்த நாள் முழுக்கப் போச்சு.

சரி, 700 பில்லுக்கு வருவோம். ஐந்து நாளுக்கு 700 என்றால் நாளுக்கு 140 என்று கணக்குப் போட்டு, "இதை மூன்று பிள்ளைகளே சமாளிக்கலாமே" என்று நினைக்கத் தோன்றும். அப்படிச் சமமாக ஆள் வருவதில்லை. பழைய பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கடைசி இரண்டு நாளில் மட்டும் 350 அளவில் இருக்கும். அதாவது நாளுக்கு 175. அந்த 175இலும் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும், பிறகு பின்னேரம் நாலரையிலிருந்து ஆறரை வரைக்கும், இந்த ஐந்து மணித்தியாலத்தில் 120 பில் போயிருக்கும். மணிக்கு 24. இரண்டரை நிமிடத்துக்கு ஒரு பில்.

இப்போது உங்கள் காசு மேசையில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். ஒரே ஆள் உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்து விலைச்சீட்டைப் பார்த்து, பில்லை எழுதி, கூட்டிப் பார்த்து, காசு வாங்கி, சில்லறை தேடி, பிறகு மடித்துப் பையில் போட்டுக் கொடுக்கிறார். இதுக்கு நாலு நிமிடம் குறைந்தபட்சம். விலைச்சீட்டு இல்லாத ஒரு சட்டை வந்து, "தம்பி, இது எவ்வளவு" என்று உங்களைக் கூப்பிட்டால் ஆறு நிமிடம். நாலு நிமிடம் என்றே வைத்தாலும் மணிக்கு 15 பில்தான் போகும். வந்தது 24. மணிக்கு ஒன்பது பேர் மிஞ்சுகிறார்கள். மூன்று மணித்தியாலத்தில் 27 பேர் கையில் உடுப்போடு வரிசையில். அதில் பிள்ளை அழுகிறது, வெளியில் ஆட்டோக்காரர் கூப்பிடுகிறார், உடுப்பை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கல்முனைக்குப் போனவர்கள் இவர்கள்தான். அவர்களுக்கு உங்கள் உடுப்பு பிடித்திருந்தது, விலையும் பிடித்திருந்தது. காசு கொடுக்கத்தான் வழி கிடைக்கவில்லை.

ஆகவே கூடுதலாக ஆள் போடுகிறபோது முதல் ஆளைக் காசு மேசைக்குப் போடுங்கள். வேலையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒருவர் பில் மட்டும் எழுதுவார், காசைத் தொடமாட்டார். அடுத்தவர் காசு மட்டும். அது நீங்கள், அல்லது அம்மா, அல்லது வீட்டு ஆள் யாராவது. மூன்றாமவர் மடித்துப் பையில் போட்டு, பில்லோடு சரிபார்த்துக் கொடுப்பார். இப்படிப் பிரித்தபோது எங்களுக்கு ஒரு பில்லுக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போனது. கம்ப்யூட்டர் பில் இருந்தால் இன்னும் சுருங்கும். ஆனால் தீபாவளிக்கு முதல் வாரம் புதிதாக ஒரு பில் மெஷினை வாங்கி வைத்துப் பழகாதீர்கள். அதை ஆவணியில் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்டால், எல்லோரும் "விற்கிறதுக்கு" என்று சொல்வார்கள். நான் சொல்வது, மடிக்கிறதுக்கு. ஒரு சின்னக் காட்சி சொல்கிறேன். சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஒரு அம்மா சாறி பார்க்கிறார். உங்கள் பிள்ளை பன்னிரண்டு சாறியை விரித்துக் காட்டியிருக்கிறாள். அவருக்கு மூன்றாவது பிடித்திருந்தது, ஆனால் இப்போது அது எட்டுச் சாறிக்கு அடியில். பக்கத்தில் இன்னொருவர் வந்து அந்தக் குவியலிலேயே கையை விட்டு இழுக்கிறார். "அந்த மயில் கழுத்து நிறம் எங்க போனது?" பிள்ளை தேடுகிறாள். தேடுகிற நேரத்தில் அலுமாரியில் புதிதாக எதையும் எடுத்துக் காட்ட முடியவில்லை. அலுமாரி அரைவாசி வெறுமை, மேசையில் மலை. வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவருக்குக் கடையில் சாமான் முடிந்துபோன மாதிரித் தெரியும். மேசையில் இருக்கிற மலையை யாரும் சாமானாக எண்ணுவதில்லை.

இதுக்கு மருந்து, மடிக்கிற வேலை தவிர வேறொன்றும் செய்யாத ஒரு பிள்ளை. வாடிக்கையாளரோடு கதைக்கத் தேவையில்லை, விலை தெரியத் தேவையில்லை, பழக்கம் இல்லாத புது ஆளுக்கு இது நல்ல வேலை. விரித்த சாறி ஆறுக்கு மேல் மேசையில் கிடந்தால் அவள் வந்து எடுக்க வேண்டும், பிடித்ததை மட்டும் ஒரு பக்கம் வைத்துவிட்டு. உடுத்துப் பார்க்கிற அறைக்கு வெளியே ஒரு வாங்கு போட்டு, வேண்டாம் என்று வந்ததையெல்லாம் அதில் போடச் சொல்லி, கால் மணிக்கு ஒருமுறை அவளே அள்ளிக்கொண்டு போய் அதன் அதன் இடத்தில் வைக்க வேண்டும். சின்ன ஆட்களின் சட்டை ஒன்றுதான் இருக்கிறது, அது உடுத்துப் பார்க்கிற அறையில் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது, வெளியில் "அந்த சைஸ் முடிந்துபோச்சு" என்று சொல்லி ஆளை அனுப்புகிறோம். இது எல்லாக் கடையிலும் நடக்கிற கூத்து.

உங்கள் கடைக்கு என் கணக்கு, இருக்கிற மூன்று பிள்ளைகளுக்கு மேல் நாலு பேர். பில்லுக்கு ஒருவர், பை போட ஒருவர், மடிக்க ஒருவர், அப்புறம் சாமான் இறக்கிப் பிரித்து விலைச்சீட்டு ஒட்ட ஒரு பொடியன். விற்பனைக்குப் பழைய மூன்று பேரே நிற்கட்டும். அவர்களுக்குத்தான் எந்த சைஸ் எங்கே இருக்கிறது என்று தெரியும், படுவான்கரை அம்மாக்கள் பெயர் சொல்லிக் கேட்பதும் அவர்களைத்தான். பழைய பிள்ளையைப் பில் மேசையில் உட்கார வைத்துவிட்டுப் புதுப் பிள்ளையை விற்க விடுவதுதான் நான் செய்த பெரிய பிழை. அந்த வருடம் ஒரு சேர்ட்டுக்கு எத்தனை சைஸ் இருக்கிறது என்றே தெரியாமல் புதுப் பிள்ளை "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்டது பின்னேரம் நாலு மணிக்கு.

ஆளைப் பத்து நாளுக்கு முன்னரே எடுங்கள். ஏ.எல் எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைகள் நல்லா வேலை செய்வார்கள், கணக்கும் வரும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை எடுக்கவே கூடாது, சொந்தக்காரப் பிள்ளை என்றாலும். நாட்சம்பளத்துக்கு எடுத்தாலும் 2026 ஜனவரியிலிருந்து நாளுக்கு 1,200 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று சட்டம். பண்டிகைக் காலத்தில் அந்தக் காசுக்கு ஆள் நிற்காது என்பது வேறு கதை. மத்தியானச் சாப்பாடும், போக வரக் காசும், கடைசி நாள் ஒரு உடுப்பும் என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். அப்படிப் பிடித்து வைக்காதீர்கள், அதற்குப் பதிலாகக் கடைசி நாள் வரை நின்றால் இவ்வளவு மேலதிகம் என்று தனியாகச் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு நிற்கிற ஆளுக்கும் ஈ.பி.எப், ஈ.டி.எப் கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேலை நேரத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். காலை ஏழரை முதல் இரவு எட்டரை வரை பதின்மூன்று மணித்தியாலம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒருவருக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் ஓ.டி கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம்தான், அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். ஆகவே ஒரே ஆட்களை முழு நாளும் நிறுத்த முடியாது. சட்டத்தை விடுங்கள், பத்து மணித்தியாலம் நின்ற பிள்ளை பின்னேரம் ஆறு மணிக்கு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள்.

நாங்கள் செய்கிறது இப்படி. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் காலை ஏழரைக்கு வந்து, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போக, நாலரைக்குப் போய்விடுவார்கள். இருட்டுக்கு முதல் வீட்டில். களுவாஞ்சிகுடி, எருவில், மகிழூர் பக்கத்துப் பிள்ளைகள் பத்து மணிக்கு வந்து ஏழு மணிக்கு முடிப்பார்கள், தேவையான நாளில் ஒன்றரை மணித்தியாலம் ஓ.டி. இப்படிப் போட்டால் காலைக் கூட்டத்துக்கு இரண்டு பங்கும் கடையில் நிற்கும். பின்னேரக் கூட்டத்துக்கு ஒரு பங்குதான், அந்த நேரத்துக்கு வீட்டு ஆட்களை இறக்க வேண்டும். அக்கா பள்ளிக்கூடம் முடிந்து வந்துவிடுவா, மச்சான் கச்சேரி முடிந்து வந்துவிடுவார், நம்ம ஊரில் எல்லாக் கடையும் இப்படித்தான் ஓடுகிறது. பெண் பிள்ளைகளை இரவில் வேலைக்கு வைப்பதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, ஆகவே மட்டக்களப்புத் தொழில் திணைக்களத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு நேரத்தை எழுதுங்கள். எட்டு மணிக்குப் பிறகு நிற்கிற ஆட்கள் பொடியன்மாராக இருப்பதே எல்லோருக்கும் நல்லது. பிந்தி நிற்கிற யாரையும் நீங்களே ஆட்டோ பிடித்து அனுப்ப வேண்டும், பிள்ளையின் தகப்பன் வந்து வாசலில் நிற்கிற நிலைமை வந்தால் அடுத்த வருடம் அந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வராது.

இன்னொன்று, கேதாரகௌரி விரதம். உங்கள் பிள்ளைகளில் ஒன்று இரண்டு பேராவது பிடிப்பார்கள். ஒரு நேரச் சாப்பாட்டோடு நாள் முழுக்க நிற்கிறவளை மாடிப்படி ஏறி இறங்குகிற வேலையில் போடாதீர்கள். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள். காப்புக் கட்டுகிற நாளில் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலையில் வந்து சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், ஆனால் பிழை உங்களுடையது.

இனிச் சாமான். எப்போது எடுக்க வேண்டும் என்பதைத் தீபாவளித் திகதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, சம்பளத் திகதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போன வருடம், 2025இல், தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. செப்டெம்பர் 25 சம்பளம் எடுத்து நாலு கிழமை போகப்போகிறது, அடுத்த சம்பளமோ தீபாவளிக்குப் பிறகு. அதனால் ஆசிரியர்மாரும் கச்சேரி ஆட்களும் பண்டிகை முற்பணம் கைக்கு வந்த பிறகு கடைசியில்தான் வாங்கினார்கள். உங்கள் 700 பில் ஐந்து நாளில் நெருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வருடம், 2026இல், நவம்பர் 8, ஞாயிறு. ஒக்டோபர் 25உம் ஞாயிறு, ஆகவே அரசாங்கச் சம்பளம் பெரும்பாலும் 23 வெள்ளிக்கிழமையே கைக்கு வந்துவிடும். 24, 25 சனி ஞாயிறில் முதல் அலை. மாதக் கடைசியில் தனியார் சம்பளம், 31, 1 இல் இரண்டாவது. பிறகு 4ஆம் திகதியிலிருந்து 7 வரைக்கும் படுவான்கரைச் சனத்தின் அலை. அவர்களுக்கு இந்த நேரம் பெரும்போகம் விதைக்கிற நேரம், காசு வயலுக்குள் போயிருக்கும், அதனால் முதலில் பிள்ளைகளுக்கு எடுப்பார்கள், மிச்சம் இருந்தால்தான் பெரியவர்களுக்கு.

அப்படியென்றால் 22ஆம் திகதி இரவு உங்கள் சாமான் அலுமாரியில் இருக்க வேண்டும். லொறியில் வந்து இறங்கியிருப்பதைச் சொல்லவில்லை. பொட்டலம் உடைத்து, எண்ணிப் பார்த்து, பட்டன் தையல் பார்த்து, விலைச்சீட்டு ஒட்டி, மடித்து சைஸ் வாரியாக வைத்து முடிந்திருக்க வேண்டும். எங்கள் கடையில் ஒரு ஆள் மணிக்கு ஐம்பது உருப்படி இப்படி முடிப்பார், அதற்கு மேல் போனால் விலை மாறி ஒட்டுவார். 1,500 உருப்படி வந்தால் முப்பது மணித்தியால வேலை. இரண்டு பேர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும். உங்கள் சாமான் பாதி பிந்தி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பந்தயம் கட்டுவேன், வந்த பாதியிலும் கால்வாசி தீபாவளி அன்றைக்கும் பொட்டலத்தோடு மாடியில் கிடந்திருக்கும்.

கொழும்பு புறக்கோட்டைக்கு முதல் பயணம் செப்டெம்பர் கடைசி வாரம். பிள்ளை உடுப்பும், பாவாடை சட்டையும், வேட்டி, சாரம், உள்ளுடுப்பு மாதிரி ஒருநாளும் பழசாகாத சாமானும் அதில் வரட்டும். இரண்டாவது பயணம் ஒக்டோபர் 12க்கும் 16க்கும் இடையில், சாறி, சுடிதார், சேர்ட் புது டிசைன் எல்லாம். அதற்குப் பிறகு நேரில் போகாதீர்கள், கடையை விட்டுவிட்டு நீங்கள் கெய்சர் வீதியில் நிற்கிற நாள் இல்லை அது. மூன்றாவது முறை வட்ஸ்அப்பில் படம் பார்த்துச் சொல்லி எடுப்பது. அதற்கும் கடைசி, நவம்பர் 2 இல் லொறி ஏற்றுவது. அதுக்குப் பிறகு வருகிற பொட்டலத்தைப் பிரிக்க உங்களிடம் கையும் இருக்காது, இடமும் இருக்காது. மன்னம்பிட்டிப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறினால் லொறி மகியங்கனை, அம்பாறை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும், ஒரு நாள் போகும். ஏற்றும்போது பொட்டலத்துக்குள் பொலித்தீன் சுற்றச் சொல்லுங்கள், லொறித் தறப்பாளை நம்பாதீர்கள். வெள்ளை வேட்டிக் கட்டு ஒன்று ஓரத்தில் நனைந்து, சாயம் இறங்கி, இருபத்தைந்து வேட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்திருக்கிறேன். வந்து இறங்கின அன்றைக்கே பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் லொறிக்காரர் நிற்கும்போதே உடைத்துப் படம் எடுங்கள்.

சேர்ட் எடுக்கிறபோது ஒரு விஷயம் மட்டும் கவனம். மொத்தக் கடையில் டசின் செட்டாகத்தான் தருவார்கள், எஸ் இரண்டு, எம் நாலு, எல் நாலு, எக்ஸ்எல் இரண்டு என்ற மாதிரி. இருபது டிசைனில் ஒவ்வொரு செட் எடுத்தால் அலுமாரி பார்க்க அழகாக இருக்கும். முதல் சனி ஞாயிறு முடிய எம்மும் எல்லும் காலி. எஸ்ஸும் எக்ஸ்எல்லும் எண்பது சேர்ட் வரிசையாகத் தொங்கும். கடை நிறைந்திருக்கும், ஆனால் விற்க ஒன்றும் இருக்காது. அதனால் டிசைனைப் பன்னிரண்டுக்குக் குறைத்து, ஒவ்வொன்றிலும் "இதே டிசைனில் எம், எல் மட்டும் பிறகு தருவீங்களா" என்று எடுக்கும்போதே முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தருகிறேன் என்று சொன்ன டிசைனில் இரண்டு செட், சொல்லாததில் ஒன்று. ஒவ்வொரு இரவும் மூடும்போது எம், எல் மட்டும் எண்ணுங்கள். ஒரு டிசைனில் மூன்றுக்குக் கீழே வந்தால் அடுத்த நாள் காலை ஒன்பதுக்கு முதல் கொழும்புக்குப் போன் போக வேண்டும்.

பிள்ளை உடுப்பில் வயதை எழுதி ஒட்டுங்கள். 24, 26 என்ற நம்பர் யாருக்கும் தெரியாது. "ஆறு வயசுப் பிள்ளைக்கு" என்றுதான் கேட்பார்கள். விலைச்சீட்டிலேயே வயது இருந்தால் ஒரு பிள்ளை மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் காட்டலாம்.

செக் திகதியில் ஏமாறாதீர்கள். செப்டெம்பர் கடைசியில் எடுத்த சாமானுக்கு முப்பது நாள் செக் எழுதினால் ஒக்டோபர் 28க்கு விழும். அன்றைக்கு உங்கள் காசு உடுப்பாக அலுமாரியில் இருக்கும், வங்கியில் இருக்காது. நாற்பத்தைந்து, ஐம்பது நாள் கேளுங்கள். கொஞ்சம் விலை கூட்டித் தந்தாலும் பரவாயில்லை. தீபாவளி முடிந்து திங்கட்கிழமை காசு வங்கிக்குப் போய், 12ஆம் திகதிக்குப் பிறகு ஒவ்வொன்றாக விழுகிற மாதிரி எழுதுங்கள், ஒரே நாளில் மூன்று செக் விழ விடாதீர்கள்.

பிளவுஸ் தைக்கிற ஆள் உங்களிடம் இருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை முடியும் என்று அவரையே கேட்டு, அதை எழுதி ஒட்டிவிடுங்கள். நாளுக்கு ஆறு என்றால் ஒக்டோபர் 31க்குப் பிறகு எடுக்கிற சாறிக்குத் தைத்துத் தர முடியாது என்று சாறியைக் காட்டும்போதே சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கி வைத்துவிட்டு 7ஆம் திகதி இரவு "நாளைக்கு வாங்க" என்று சொன்ன கடைக்கு அந்தக் குடும்பம் திரும்ப வருவதில்லை.

சில்லறைக் காசு பெரிய தொல்லை. 100, 50, 20 தாள்களை வெள்ளி 6ஆம் திகதிக்கு முதல் வங்கியில் எடுத்து வையுங்கள், பிறகு சனி, ஞாயிறு. உடுப்பின் விலையையே 50இல் முடிகிற மாதிரி ஒட்டினால் தொல்லையில் பாதி அப்போதே தீரும். கரண்ட் போனால் லைட்டுக்கும் பில்லுக்கும் காட் மெஷினுக்கும் மட்டும் ஜெனரேட்டர் போதும். மாற்றித் தருவது 10ஆம் திகதிக்குப் பிறகு, பில்லோடு, என்று பையிலேயே சீல் குத்திக் கொடுங்கள். 7ஆம் திகதி கூட்டத்துக்குள் ஒருவர் சைஸ் மாற்ற வந்தால் அவரைப் பார்ப்பதா, புது ஆளைப் பார்ப்பதா என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

கடைசியாக ஒரு கொப்பி வாங்கிக் காசு மேசையில் வையுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் அப்போது ஓடுகிற பில் நம்பரை எழுதச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு 412, ஒன்பதுக்கு 419, பத்துக்கு 440, இப்படி. மழை பெய்தால் பக்கத்தில் "மழை" என்று ஒரு சொல். நான் மேலே 120, 24 என்று போட்டது எங்கள் கடைக் கொப்பியைப் பார்த்து உங்கள் 700க்குப் பொருத்திய கணக்கு. உங்கள் பக்கத்தில் காலைக் கூட்டம் எட்டரைக்கே ஏறலாம். முதல் சனி ஞாயிறு, 24, 25 திகதிக் கொப்பியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கடைசி நாலு நாளுக்கு ஆட்களின் நேரத்தை அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.